இரண்டு டயோடு, இரண்டு கெபாசிட்டர், இருமடங்கு வோல்ட்

மாணவர் ஒருவர் சின்ன பலகையில் பற்றவைத்த சர்க்யூட்டையும் ஒரு நோட்டையும் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பாலிடெக்னிக் ஆய்வகத்தில் எனக்கு இது வழக்கமான காட்சி. "சார், கணக்குல 34 வோல்ட் வருது, மீட்டர் 41 காட்டுது. மீட்டர் தப்பா, கணக்கு தப்பா?" என்றார். நான் மீட்டரையும் பார்க்கவில்லை, நோட்டையும் பார்க்கவில்லை. வெளியீட்டில் நின்றிருந்த கெபாசிட்டரின் உடம்பைப் பார்த்தேன். 35 வோல்ட் என்று அச்சிட்டிருந்தது. "முதல்ல பிளக்கைப் பிடுங்குப்பா, அப்புறம் பேசலாம்" என்றேன்.

பழைய கன்ட்ரோல் பேனல் ஒன்றிலிருந்து கழற்றிய 24 வோல்ட் ரிலே அவரிடம் இருந்தது. கையிலிருந்த டிரான்ஸ்ஃபார்மரோ 12 வோல்ட். இன்னொரு டிரான்ஸ்ஃபார்மர் வாங்காமல், இரண்டு டயோடும் இரண்டு கெபாசிட்டரும் வைத்து வோல்ட்டை இருமடங்காக்கி, அதை ஒரு ரெகுலேட்டரால் 24-க்கு இறக்கி, ரிலேயை ஓட்டுவது அவர் திட்டம். நல்ல திட்டம்தான். 34 எங்கிருந்து வந்தது, 41 எங்கிருந்து வந்தது, அந்த 35 வோல்ட் கெபாசிட்டர் ஏன் ஆபத்து, டயோடு எவ்வளவு தாங்க வேண்டும் என்ற நான்கு கேள்விக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. அதைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கப்போகிறோம்.

இந்தச் சுற்றை அமைத்தவர் ஹைன்ரிஷ் கிரைனாக்கர் என்ற சுவிட்சர்லாந்து இயற்பியலாளர். கதிர்வீச்சை அளக்கும் கருவி ஒன்றுக்கு அவருக்கு 200, 300 வோல்ட் டிசி தேவைப்பட்டது. சூரிச் நகரத்தில் அப்போது கிடைத்தது 110 வோல்ட் ஏசி. 1914-இல் அவர் இந்த அமைப்பை வெளியிட்டார். பின்னர் இதையே மாடிமேல் மாடியாக அடுக்கிப் பல மடங்காக்கலாம் என்றும் காட்டினார். அந்த அடுக்குமுறையில்தான் 1932-இல் காக்ராஃப்ட், வால்டன் இருவரும் கேம்பிரிட்ஜில் லட்சக்கணக்கான வோல்ட் உண்டாக்கி லித்தியம் அணுக்கருவைப் பிளந்தார்கள். நமக்கு முதல் மாடி போதும்.

பாகங்கள் எப்படி நிற்கின்றன என்று பார்ப்போம். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து இரண்டு கம்பிகள் வருகின்றன. ஒன்றைத் தரை என்று வைத்துக்கொள்வோம். மற்றது தரையைவிட ஒருமுறை மேலே போகும், ஒருமுறை கீழே போகும், நொடிக்கு 50 தடவை. ஆடிக்கொண்டிருக்கும் அந்தக் கம்பியில் முதல் கெபாசிட்டர் தொடராக நிற்கிறது. இதைத் தூக்கி என்று அழைக்கிறேன், ஏன் என்று சற்று நேரத்தில் தெரியும். தூக்கியின் மறுமுனையை நடுப்புள்ளி என்போம். தரையிலிருந்து நடுப்புள்ளிக்கு மட்டும் மின்சாரத்தை விடும்படி முதல் டயோடு. நடுப்புள்ளியிலிருந்து வெளியீட்டுக்கு மட்டும் விடும்படி இரண்டாம் டயோடு. வெளியீட்டுக்கும் தரைக்கும் இடையே இரண்டாவது கெபாசிட்டர். இது தொட்டி. அவ்வளவுதான் சர்க்யூட்.

ஊரில் அடிபம்பு அடித்தவர்களுக்கு இது புதிதல்ல. பம்புக்குள் இரண்டு வால்வுகள் உண்டு. ஒன்று கீழிருந்து தண்ணீரை உள்ளே விடும், திரும்ப விடாது. மற்றது மேல்நோக்கி விடும், கீழே விடாது. கைப்பிடி மேலும் கீழும் மாறிமாறிப் போகிறது, தண்ணீர் மட்டும் ஒரே திசையில் ஏறுகிறது. இங்கே கைப்பிடி டிரான்ஸ்ஃபார்மர். வால்வுகள் டயோடுகள். இந்த உவமையில் இன்னொரு உண்மையும் ஒளிந்திருக்கிறது. மூடிக்கிடக்கும் வால்வு சும்மா கிடப்பதில்லை, மேலே நிற்கும் தண்ணீரின் பாரம் முழுவதையும் அதுதான் தாங்குகிறது. அந்த இடத்துக்குப் பிறகு வருவோம்.

12 வோல்ட் ஏசி என்றால் உச்சத்தில் 12 வோல்ட் அல்ல. 12 என்பது வெப்பம் உண்டாக்கும் திறனை வைத்துச் சொல்லும் ஒருவகைச் சராசரி. அலையின் உச்சம் அதைவிட 1.414 மடங்கு, அதாவது 17 வோல்ட். கெபாசிட்டர் உச்சத்தைத்தான் பிடித்துக்கொள்ளும். ஆகவே கணக்கு 17-இல் தொடங்குகிறது. டயோடு ஒவ்வொன்றும் தின்னும் 0.7 வோல்ட்டை இப்போதைக்கு மறந்துவிடுவோம், இரண்டு கெபாசிட்டரும் ஒரே அளவு என்றும் வைத்துக்கொள்வோம்.

சுவிட்சைப் போட்டதும் கம்பி கீழே, மைனஸ் 17-க்கு இறங்குகிறது என்று வையுங்கள். நடுப்புள்ளியும் கூடவே இறங்கப் பார்க்கும். தரையிலிருந்து முதல் டயோடு திறந்து அதைத் தரைமட்டத்திலேயே பிடித்துவிடும். ஆகவே தூக்கியின் ஒரு முனை மைனஸ் 17, மறுமுனை பூஜ்யம். அது 17 வோல்ட் நிரம்பிவிட்டது. இப்போது கம்பி மேலே கிளம்புகிறது. தூக்கியில் நிரம்பியிருப்பது அப்படியே இருப்பதால், நடுப்புள்ளி கம்பியைவிட எப்போதும் 17 வோல்ட் உயரத்தில் போக வேண்டும். கம்பி பிளஸ் 17-ஐத் தொடும்போது நடுப்புள்ளி 34-ஐத் தொட வேண்டும். தூக்கி என்று பெயர் வைத்தது இதனால்தான், அலை முழுவதையும் தோளில் ஏற்றி 17 வோல்ட் மேலே வைத்துவிடுகிறது.

ஆனால் முதல் சுற்றில் நடுப்புள்ளி 34-ஐத் தொடுவதில்லை. தொட்டி காலியாக இருக்கிறது. நடுப்புள்ளி தரையைவிட்டுக் கிளம்பிய மறுகணமே இரண்டாம் டயோடு திறந்து, தூக்கியில் உள்ளது தொட்டிக்கு வடிய ஆரம்பிக்கிறது. கம்பி மொத்தம் 34 வோல்ட் ஏறுகிறது. அந்த ஏற்றத்தை ஒரே அளவுள்ள இரண்டு கெபாசிட்டரும் பாதிப்பாதி பங்குபோட்டுக்கொள்கின்றன. தொட்டிக்குக் கிடைப்பது 17. தூக்கி காலியாகிவிடுகிறது. கம்பி மறுபடி கீழே போகும்போது முதல் டயோடு தூக்கியைத் திரும்ப நிரப்புகிறது.

இரண்டாம் சுற்றில் தொட்டியில் ஏற்கெனவே 17 இருக்கிறது. நடுப்புள்ளி 17 வரை ஏறும்வரை இரண்டாம் டயோடு திறக்காது. மிச்சமிருக்கும் 17 வோல்ட் ஏற்றத்தில் பாதி, 8.5, தொட்டிக்குச் சேர்கிறது. இப்போது 25.5. மூன்றாம் சுற்றில் குறை 8.5, அதில் பாதி சேர்ந்து 29.75. அடுத்து ஏறக்குறைய 31.9, அடுத்து 32.9. ஒவ்வொரு சுற்றிலும் குறையில் பாதி தீர்கிறது. ஏழு சுற்றில் 33.7-ஐத் தாண்டிவிடும். 50 ஹெர்ட்ஸில் ஏழு சுற்றென்பது நொடியில் ஏழில் ஒரு பங்கு. மீட்டரின் எண் நிலைகொள்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

தொட்டியைத் தூக்கியைவிடப் பத்து மடங்கு பெரிதாக வைத்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு சுற்றிலும் குறையில் பதினொன்றில் ஒரு பங்குதான் தீரும். பாதி தீரவே ஏழு சுற்றுக்குமேல் ஆகும். ஆனால் போய்ச்சேரும் இடம் அதே 34. கெபாசிட்டர்களின் அளவு வேகத்தை மாற்றுமே தவிர, வெளியில் சுமை இல்லாதவரை இறுதி வோல்ட்டை மாற்றாது. இதை மாணவர்கள் பலர் எளிதில் நம்ப மாட்டார்கள், ஒவ்வொரு அளவுக்கும் சுற்றுச்சுற்றாகப் போட்டுப் பார்ப்பார்கள்.

அவர்களுக்கு நான் சொல்லும் குறுக்குவழி இது. இறுதி நிலையைத் தேடும்போது வழியை நடக்க வேண்டாம், போய்ச்சேர்ந்துவிட்டதாக வைத்துக்கொண்டு யோசியுங்கள். நிலைகொண்டுவிட்டது என்றால் ஒரு சுற்றில் நடப்பது மறுசுற்றிலும் அப்படியே நடக்க வேண்டும். சுமை ஏதும் இல்லை, தொட்டியிலிருந்து எதுவும் வெளியே போகவில்லை. அப்படியானால் இரண்டாம் டயோடு வழியாக எதுவும் உள்ளே வரக்கூடாது, வந்தால் வோல்ட் ஏறிவிடும். இரண்டாம் டயோடு கடத்தவில்லை என்றால் தூக்கியும் குறையவில்லை, முதல் டயோடும் நிரப்பவேண்டியதில்லை. முதல் டயோடு சும்மா இருக்க வேண்டுமானால் தூக்கியில் சரியாக 17 இருக்க வேண்டும். இரண்டாம் டயோடு சும்மா இருக்க வேண்டுமானால் தொட்டி, நடுப்புள்ளி தொடும் உச்சமான 34-இல் இருக்க வேண்டும். நான்கு வரியில் விடை வந்துவிட்டது. கெபாசிட்டர் அளவு இந்த நான்கு வரியில் எங்கும் வரவில்லை என்பதையும் கவனியுங்கள்.

டயோடுகளின் 0.7-ஐத் திரும்பக் கொண்டுவந்தால் தூக்கி 16.3-இல் நிற்கும். நடுப்புள்ளியின் உச்சம் 33.3. இரண்டாம் டயோடு இன்னொரு 0.7-ஐ எடுத்துக்கொண்டபின் தொட்டியில் 32.6. மாணவரின் நோட்டில் இருந்த 34-இல் இந்த 1.4 மட்டும்தான் விடுபட்டிருந்தது. அப்படியானால் 41?

டிரான்ஸ்ஃபார்மரை மட்டும் செருகி ஏசி அளவில் மீட்டரை வைக்கச் சொன்னேன். 15 வோல்ட் காட்டியது. டிரான்ஸ்ஃபார்மர் மேல் எழுதியிருக்கும் 12 என்பது, அது முழுச்சுமையைத் தாங்கும்போது தரும் வோல்ட். உள்ளே சுற்றிய கம்பியின் மின்தடையில் கொஞ்சம் தொலையும் என்று தெரிந்தே, அதற்கு ஈடாக அதிகச் சுற்றுகள் போட்டிருப்பார்கள். சின்ன டிரான்ஸ்ஃபார்மர்களில் இந்த ஈடு கணிசமாக இருக்கும். சுமை இல்லாதபோது ஈடு முழுவதும் அப்படியே வெளியே வந்துவிடுகிறது. 15-ஐ 1.414-ஆல் பெருக்கினால் 21.2, இருமடங்கு 42.4, டயோடுகளுக்கு 1.4 போக 41. மீட்டரும் சரி, கணக்கு முறையும் சரி. தொடங்கிய எண்தான் தவறு.

இப்போது ரிலேயை ஓட்டுவோம். அதன் சுருளுக்கு 15 மில்லி ஆம்பியர், ரெகுலேட்டர் தனக்கென எடுப்பது 5, ஆக 20 மில்லி ஆம்பியர். மின்சாரம் என்பது நொடிக்கு எவ்வளவு மின்னூட்டம் போகிறது என்பதுதான். நொடிக்கு 50 சுற்று என்பதால், 20 மில்லியை 50-ஆல் வகுத்தால் ஒரு சுற்றுக்குத் தொட்டியிலிருந்து வெளியே போவது 0.4 மில்லி கூலும். இந்த ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானே வரும்.

மறுபடி அதே குறுக்குவழி. நிலைகொண்டுவிட்டது என்றால் ஒரு சுற்றில் தொட்டியிலிருந்து எவ்வளவு போகிறதோ அவ்வளவும் இரண்டாம் டயோடு வழியாக உள்ளே வந்தாக வேண்டும். அது தூக்கியிலிருந்துதான் வர முடியும். தூக்கி இழந்ததை முதல் டயோடு நிரப்பியாக வேண்டும். ஆகவே அதே 0.4 மில்லி கூலும் ஒவ்வொரு சுற்றிலும் முதல் டயோடு, தூக்கி, இரண்டாம் டயோடு, தொட்டி, ரிலே என்று வரிசையாகக் கைமாறிப் போகிறது. இரண்டு டயோடிலும் ஓடும் சராசரி மின்சாரம், சுமையில் ஓடுவதே. 20 மில்லிக்கு ஒரு ஆம்பியர் டயோடு தாராளம்தான். சுற்றின் சிறு பகுதியில் மட்டும் டயோடு திறப்பதால் அந்த நேரத்தில் ஓடுவது சராசரியைப்போலப் பல மடங்கு இருக்கும், அதற்கும் இடமிருக்கிறது.

மாணவர் போட்டிருந்தது இரண்டும் 100 மைக்ரோஃபாரட். 0.4 மில்லி கூலும் வெளியேறினால் 100 மைக்ரோஃபாரட்டில் வோல்ட் 4 குறையும். தூக்கி தன் மின்னூட்டத்தைக் கொடுத்து முடிக்கும்போது 4 வோல்ட் இழந்திருக்கும், ஆகவே தொட்டி தொடும் உச்சமே 32.6-இலிருந்து 28.6-க்கு இறங்கிவிடும். அடுத்த நிரப்பல் வரும்வரை தொட்டியும் 4 வோல்ட் இழக்கும். அடிமட்டம் 24.6. வெளியீடு 28.6-க்கும் 24.6-க்கும் இடையே நொடிக்கு 50 தடவை ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். 24 வோல்ட்டைத் தளராமல் தர ரெகுலேட்டருக்கு உள்ளே குறைந்தது 27 வோல்ட் வேண்டும். அடிமட்டத்தில் அது கிடைக்காது.

"ஆனா ஓடுதே சார்" என்றார் அவர். ஓடும். ஏனென்றால் அன்று டிரான்ஸ்ஃபார்மர் 15 வோல்ட் தந்துகொண்டிருந்தது. 41-இலிருந்து இரண்டு நான்கைக் கழித்தாலும் 33 மிச்சம். வீட்டில் 230-க்குப் பதில் 180 வோல்ட் வரும் ஒரு சாயங்காலத்தில் அதே டிரான்ஸ்ஃபார்மர் 12-க்கும் சற்றுக் குறைவாகத்தான் தரும். அப்போதுதான் நோட்டில் போட்ட கணக்கு நிஜமாகும். ஆகவே வெளியீட்டுக் கணக்கை எப்போதும் குறைந்தபட்ச வோல்ட்டில் போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு கெபாசிட்டரையும் 470 மைக்ரோஃபாரட் ஆக்கினால் ஒவ்வொன்றிலும் இழப்பு 0.85 வோல்ட்தான். உச்சம் 31.7, அடிமட்டம் 30.9. ரெகுலேட்டருக்குக் கவலையில்லை.

இந்தக் கணக்கு ஓரளவு வரைதான் செல்லும். அதே 100 மைக்ரோஃபாரட்டில் 100 மில்லி ஆம்பியர் எடுக்கப் பார்த்தால் ஒவ்வொரு கெபாசிட்டரிலும் 20 வோல்ட் இழப்பு என்று வரும், அடிமட்டம் பூஜ்யத்துக்கும் கீழே போகும். அது நடக்காது. அத்தனை மின்சாரத்தை இந்தச் சுற்றால் தர முடியாது என்பதற்கு அது அறிகுறி. இழப்பு மொத்த வோல்ட்டில் சிறு பங்காக இருக்கும்வரைதான் இந்த எளிய கணக்கை நம்பலாம்.

டயோடு தாங்கவேண்டியதைக் கணக்கிடுவதில்தான் தவறுகள் அதிகம். காரணம் புரிகிறது. திறந்திருக்கும் டயோடில் வெறும் 0.7 வோல்ட்தான் இருக்கிறது, நம் கவனமும் அங்கேதான் போகிறது. அடிபம்பின் மூடிய வால்வைப்போல, டயோடின் கஷ்டகாலம் அது மூடிக்கிடக்கும்போதுதான்.

முதல் டயோடை எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு முனை தரை, எப்போதும் பூஜ்யம். மறுமுனை நடுப்புள்ளி. அது அடிமட்டத்திலிருந்து 33.3 வரை ஏறி இறங்குகிறது. உச்சத்தில் முதல் டயோடு 33.3 வோல்ட்டைத் தலைகீழாகத் தாங்குகிறது. இரண்டாம் டயோடுக்கு ஒரு முனை நடுப்புள்ளி, மறுமுனை தொட்டி. தொட்டி 32.6-இல் அசையாமல் நிற்கும்போது நடுப்புள்ளி தரைக்கும் 0.7 கீழே போகிறது. வித்தியாசம் அதே 33.3. ஆக டயோடு இரண்டும் மாறிமாறி ஒரே பாரத்தைத் தாங்குகின்றன, ஒன்று கம்பி மேலே போகும்போது, மற்றது கீழே போகும்போது. அந்தப் பாரம் உச்ச வோல்ட்டைப்போல இருமடங்கு, கிட்டத்தட்ட வெளியீடு முழுவதும். சுமை ஏறினால் கெபாசிட்டர்களின் வோல்ட் தாழ்ந்து இந்தப் பாரமும் கொஞ்சம் குறையும். சுமையே இல்லாத நிலைதான் டயோடுக்கு மோசமான நிலை.

ஆகவே தாங்கும் திறனுக்கான கணக்கை அதிகபட்ச வோல்ட்டில், சுமையில்லாமல் போட வேண்டும். லைனில் 250 வோல்ட் வந்தால் நம் டிரான்ஸ்ஃபார்மர் 16.3 வோல்ட் தரும். உச்சம் 23. டயோடு தாங்கவேண்டியது 46. 1N4001 டயோடின் எல்லை 50 வோல்ட், விளிம்பில் நிற்கிறது. தூக்கி தாங்குவது 23 வோல்ட்தான், அதற்கு 35 வோல்ட் கெபாசிட்டர் சரி. தொட்டியில் 45-க்கு அருகே வரும், அதற்கு 63 வோல்ட் வேண்டும். மாணவர் செய்தது இதில்தான் பிசகியது. நோட்டில் 34 வந்ததால், 35 என்று எழுதிய கெபாசிட்டரைத் தொட்டியாகப் போட்டிருந்தார். எல்லைக்கு மேல் வோல்ட் போனால் எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டருக்குள் கசிவு கூடும், சூடேறும், வாயு சேரும், கடைசியில் மண்டையில் கீறியிருக்கும் கோட்டில் பிளந்துகொள்ளும்.

12 வோல்ட்டில் இந்தப் பிசகு ஒரு கெபாசிட்டரோடு முடிந்துபோகும். 230 வோல்ட் லைனிலேயே நேராக இந்தச் சுற்றை வைத்தால் அப்படியல்ல. ஒருமுறை பழுதாகி வந்த பலகை ஒன்றில் இரண்டு டயோடும் 1N4004 ஆக இருந்தன. எல்லை 400 வோல்ட். செய்தவரின் யோசனையை ஊகிக்கலாம்: 230-இன் உச்சம் 325, 400 அதைவிட அதிகம், போதும். டயோடு ஒவ்வொன்றும் பாதி வேலைதானே செய்கிறது என்ற எண்ணம் பின்னால் இருந்திருக்கும். உண்மையில் ஒவ்வொன்றும் 650 வோல்ட்டைத் தாங்க வேண்டும். லைன் 250-ஐத் தொட்டால் 707. 600 வோல்ட் எல்லையுள்ள 1N4005-ம் போதாது. 800 வோல்ட் 1N4006 நெருக்கமாக நிற்கும். 1000 வோல்ட் 1N4007-இல்தான் மூச்சுவிட இடம் இருக்கிறது.

எல்லை தாண்டிய டயோடு பெரும்பாலும் இரண்டு பக்கமும் கடத்தும் வெறும் கம்பியாகிவிடும். எது போயிற்று என்று அறிகுறியிலேயே சொல்லலாம். முதல் டயோடு ஷார்ட் ஆனால் நடுப்புள்ளி தரையோடு ஒட்டிவிடும். வெளியீட்டுக்குப் புதிதாக எதுவும் வராது, தூக்கிமேல் ஏசி முழுவதும் நேராக விழும். எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர் ஏசியைத் தாங்காது, சூடாகிப் புடைக்கும். இரண்டாம் டயோடு ஷார்ட் ஆனால் தொட்டியும் நடுப்புள்ளியோடு சேர்ந்து ஆடத் தொடங்கும். கெபாசிட்டர்கள் சமமாக இருந்தால் வெளியீட்டின் உச்சமே பாதியாகும், டிசி அளவில் எண் தாழ்ந்திருக்கும், மீட்டரை ஏசிக்குத் திருப்பினால் அங்கும் பெரிய எண் வரும். அறுந்துபோன டயோடு வேறு விதம். எது அறுந்தாலும் தொட்டியில் இருந்தது தீர்ந்ததும் வெளியீடு பூஜ்யம், எதுவும் சூடாகாது.

இதே இருமடங்காக்கலை இன்னொரு விதமாகவும் கட்டலாம். ஒரு டயோடு மேல்பாதி அலையில் ஒரு கெபாசிட்டரை நிரப்பும், மற்றது கீழ்ப்பாதியில் இன்னொன்றை நிரப்பும், இரண்டையும் தொடராக அடுக்கி வெளியீடு எடுப்பார்கள். பழைய மேசைக் கணினிகளின் பின்னால் இருந்த 115, 230 என்று எழுதிய சின்ன சிவப்பு சுவிட்சை நினைவிருக்கிறதா? 115 பக்கம் தள்ளினால் உள்ளே நடப்பது இந்த இருமடங்காக்கல்தான். 115-இன் உச்சம் 163, ஒவ்வொரு கெபாசிட்டரிலும் 163, மொத்தம் 325. அதனால் அங்கே 200 வோல்ட் கெபாசிட்டர்களே போதும். 230 பக்கம் இருந்தால் இருமடங்காக்கல் இல்லை, நேராகவே 325. சுவிட்ச் 115-இல் இருக்கும்போது நம் ஊர் 230-ஐச் செருகினால் ஒவ்வொரு 200 வோல்ட் கெபாசிட்டர்மேலும் 325 விழும். அமெரிக்காவிலிருந்து வந்த கணினிகளைச் சுவிட்சைப் பார்க்காமல் செருகியபோது எழுந்த வெடிச்சத்தம் அதுதான். இந்தக் கட்டமைப்பிலும் டயோடு ஒவ்வொன்றும் தாங்குவது உச்சத்தைப்போல இருமடங்குதான், அதில் மாற்றமில்லை.

ஆய்வகத்துக்கு வந்த பலகைக்குத் திரும்புவோம். தூக்கிக்கு 470 மைக்ரோஃபாரட் 35 வோல்ட், தொட்டிக்கு 470 மைக்ரோஃபாரட் 63 வோல்ட், டயோடுகள் இரண்டும் 1N4007. தூக்கியின் பிளஸ் முனை நடுப்புள்ளிப் பக்கம் இருக்க வேண்டும் என்பதைச் சரிபார்த்துப் பற்றவைத்தோம். லைன் வோல்ட்டைக் குறைத்துக் கூட்டும் வேரியாக்கில் 180-க்கு இறக்கிப் பார்த்தபோதும் ரிலே உறுதியாகப் பிடித்தது, ரெகுலேட்டரின் வெளியீடு 24-ஐ விட்டு அசையவில்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இதை டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் 230 லைனில் நேராகச் செய்து பார்க்காதீர்கள். பலகை முழுவதும் லைனோடு ஒட்டியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தொட்டியில் 650 வோல்ட் நின்றுகொண்டிருக்கும், அதை வடிக்க ஒரு மின்தடை வைக்காவிட்டால் பல நிமிடங்களுக்கு அது குறையாது. டிரான்ஸ்ஃபார்மர் உள்ள சின்ன சர்க்யூட்டிலும், கையை வைக்குமுன் மீட்டரைத் தொட்டியில் வைத்துப் பார்த்துவிட்டே தொடுங்கள்.